வருகை குறைந்தால் அலாரம்: 30 சதவீதம் வைத்தேன், குழுவே ஓடுகிறது

மீரா, குவாத்ர் போர்ன், மொரீஷியஸ் | 28 அக்டோபர் 2025, காலை 11.20

விடுமுறை வீடுகளை வாடகைக்கு விடும் ஒரு தளத்தை நான்கு பேர் பார்த்துக்கொள்கிறோம். வருகிறவர்களில் பாதிக்கு மேல் பிரான்சிலிருந்து, மற்றவர்கள் மொரீஷியஸும் ரீயூனியனும். ஒவ்வொரு மணி நேரமும் வந்தவர்களை எண்ணி, முந்தைய ஆறு வாரங்களின் அதே கிழமை அதே மணியோடு ஒப்பிட்டு, 30 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் வாட்ஸ்அப் குழுவுக்குச் செய்தி போகும்படி வைத்திருக்கிறேன். ஒரு மாதத்தில் 41 செய்தி. உண்மையான பிரச்சினை ஒன்றுகூட இல்லை. நேற்றும் இன்றும் காலை 10 மணிக்கு மறுபடி அடித்தது. 60 சதவீதமாக உயர்த்திவிடலாமா?

ரோஸ்ஹில்காரன் | 28 அக்டோபர், மதியம் 1.05

உயர்த்தாதீர்கள். அந்த 41 செய்தியும் எந்தெந்த மணிக்கு வந்தன என்று ஒரு தாளில் எழுதிப் போடுங்கள். அதைப் பார்க்காமல் எண்ணை மாற்றினால் இருட்டில் குறி பார்ப்பதுதான்.

60 வைத்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். எங்கள் அலுவலகத்திலும் இப்படித்தான் தினமும் இரண்டு மூன்று செய்தி வந்துகொண்டிருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை மாலை 5.40க்கு ஒரு மாற்றத்தை ஏற்றினோம். கைப்பேசியில் வருகிறவர்கள் மட்டும் ஒரே பக்கத்துக்கும் இன்னொரு பக்கத்துக்கும் நடுவே சுற்றிக்கொண்டே இருந்தார்கள். அலாரம் சரியாக 7 மணிக்கே வந்துவிட்டது. ஆனால் அதற்குள் ஐந்து பேரும் அந்தக் குழுவை மௌனமாக்கி வைத்திருந்தோம். இரவு 1 மணிக்கு ஒரு வாடிக்கையாளர் மின்னஞ்சல் போட்ட பிறகுதான் தெரிந்தது. பொய் அலாரத்தின் விலை தூக்கம் கெடுவது மட்டுமல்ல. உண்மையானது வரும்போது அதை யாரும் பார்க்க மாட்டார்கள்.

டர்பன் அண்ணன் | 28 அக்டோபர், மாலை 4.30

இதற்கு இத்தனை கணக்கு எதற்கு? வெளியிலிருந்து ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தளத்தைத் திறந்து பார்க்கும் சேவை ஒன்றைப் போட்டால் முடிந்தது. தளம் விழுந்தால் சொல்லும். நாங்கள் அப்படித்தான் வைத்திருக்கிறோம்.

ரோஸ்ஹில்காரன் | 28 அக்டோபர், மாலை 5.15

அண்ணே, தளம் விழுவதைப் பற்றி மீரா கேட்கவில்லை. நான் சொன்ன அந்த வெள்ளிக்கிழமை தளம் எழுந்துதான் நின்றது, கணினியிலிருந்து யார் திறந்தாலும் நன்றாகத் திறந்தது. வெளியிலிருந்து பார்க்கும் சேவை கைப்பேசி மாதிரி நடந்துகொள்ளாவிட்டால் அது பச்சை விளக்கைத்தான் காட்டும். ஆனால் நீங்கள் சொன்னது இன்னொரு இடத்துக்குப் பொருந்தும், அதற்குப் பிறகு வருகிறேன்.

மீரா | 29 அக்டோபர், காலை 9.40

எழுதிப் பார்த்தேன். 41இல் 18 செய்தி காலை 4 மணியிலிருந்து 7 மணிக்குள். அந்த நேரத்தில் மணிக்கு 9 பேர்தான் வருவார்கள். இன்னும் 12 செய்தி அதை ஒட்டிய மணிகளில், 15லிருந்து 30 பேர் வரும் நேரம். மீதி அங்கங்கே சிதறிக் கிடக்கின்றன. அதிகக் கூட்டம் வரும் நேரத்தில், மணிக்கு 400 பேர் இருக்கும்போது, ஒன்றுகூட இல்லை.

ரோஸ்ஹில்காரன் | 29 அக்டோபர், மதியம் 12.10

பாதி பதில் இதிலேயே இருக்கிறது.

சராசரி 9 பேர் வரும் மணியில், தளத்தில் எந்தக் கோளாறும் இல்லாமல், வெறும் தற்செயலாகவே ஐந்துக்கு ஒரு நாள் 6 பேரோ அதற்குக் குறைவாகவோ வருவார்கள். 9லிருந்து 6 என்றால் 33 சதவீதம், உங்கள் அலாரம் அடித்துவிடும். மூன்று மணி நேரம், 30 நாள், ஐந்தில் ஒன்று: 18. நீங்கள் எண்ணிய அதே 18.

400 பேர் வரும் மணியில் தற்செயலான ஏற்ற இறக்கம் 400இன் வர்க்கமூலம் அளவுக்குத்தான், அதாவது 20 பேர். அங்கே 30 சதவீதம் குறைவது 120 பேர் காணாமல் போவது. அதற்கு ஏதோ உடைந்திருக்க வேண்டும். ஆக ஒரே 30 சதவீதம் விடியற்காலையில் தும்மலுக்கும் அடிக்கிறது, கூட்ட நேரத்தில் நூறு பேர் காணாமல் போனாலும் வாய் திறக்காது. 60 வைத்தால் விடியற்காலை கொஞ்சம் அடங்கும், கூட்ட நேரத்தில் பாதித் தளம் போனாலும் தெரியாது.

சதவீதத்தை விட்டுவிட்டு ஏற்ற இறக்கத்தால் அளக்கலாம். கடந்த மூன்று மாதக் கணக்கை எடுத்து, ஒவ்வொரு மணிக்கும், வந்தவர்களிலிருந்து எதிர்பார்த்தவர்களைக் கழித்து, எதிர்பார்த்த எண்ணின் வர்க்கமூலத்தால் வகுங்கள். அப்படி வரும் எண்கள் எவ்வளவு சிதறிக் கிடக்கின்றன என்று நியம விலக்கம் பாருங்கள். எல்லாம் தற்செயல் என்றால் 1 வரும். நிஜத்தில் 1க்கு மேல்தான் வரும், ஏனென்றால் மனிதர்கள் கொத்துக் கொத்தாக வருவார்கள்: மழை பெய்தால், செய்திமடல் போனால், பந்தாட்டம் முடிந்தால். அந்த எண்ணை k என்று வைத்துக்கொள்வோம்.

```python
exp = median(last_6_weeks)
low = exp - 3 * k * exp ** 0.5
alert = now < low
```

3 எங்கிருந்து வந்தது என்றால், மாதத்துக்கு எத்தனை பொய் அலாரம் தாங்குவீர்கள் என்பதிலிருந்து. மாதத்துக்கு 720 மணி. சிதறல் ஒழுங்காக இருந்தால் 3 வைக்கும்போது ஏறக்குறைய 740 மணிக்கு ஒருமுறை தவறாக அடிக்கும், அதாவது மாதத்துக்கு ஒன்று. முதலில் குழு தாங்கும் எண்ணைப் பேசி முடிவு செய்யுங்கள், வரம்பு அதிலிருந்து தானே வரும்.

மீரா | 30 அக்டோபர், காலை 10.15

k 1.6 வந்தது. 400க்கு வரம்பு 304. சரி. ஆனால் 9 பேருக்குப் போட்டால் −5 வருகிறது. எங்கே தப்பு செய்தேன்?

ரோஸ்ஹில்காரன் | 30 அக்டோபர், காலை 10.50

தப்பே இல்லை. 9 பேர் வரும் மணியில் ஒருவர்கூட வராவிட்டாலும் அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது என்று அந்தக் கழித்தல் குறி சொல்கிறது. அந்த மணிகளுக்குத் தனித்தனியாக அலாரம் வைக்காதீர்கள். நான்கு மணி நேரத்தைக் கூட்டினால் எதிர்பார்ப்பு 36, வரம்பு 7. நான்கு மணி நேரத்தில் 7 பேருக்கும் குறைவு என்றால் பார்க்க வேண்டியதுதான்.

நான்கு மணி நேரம் காத்திருப்பதா என்று கேட்பீர்கள். அங்கேதான் டர்பன் அண்ணன் சொன்னது உதவும். வருகையை எண்ணி எதுவும் தெரியாத நேரத்தில், வெளியிலிருந்து ஒரு இயந்திரம் போய் வீட்டைத் தேடி, தேதியைத் தேர்ந்தெடுத்து, விலை வருகிறதா என்று பார்க்கட்டும். இரண்டு முறை தொடர்ந்து வராவிட்டால் எழுப்பட்டும். கைப்பேசி அளவுத் திரையில் ஒன்று, கணினி அளவில் ஒன்று.

செயின்ட் ஆந்த்ரே வாசி | 30 அக்டோபர், இரவு 9.30

உங்கள் சூத்திரத்தை எங்கள் செய்தித் தளத்தில் போட்டேன், முதல் நாளே ஒன்பது அலாரம். எங்களுக்கு மணிக்கு 10,000 பேர். வர்க்கமூலம் 100, k 1.6 என்றே வைத்தால் வரம்பு 480 கீழே, அதாவது 5 சதவீதம்கூட இல்லை. கடற்கரையில் வெயில் நன்றாக அடித்தாலே எங்களுக்கு 5 சதவீதம் குறையும்.

ரோஸ்ஹில்காரன் | 31 அக்டோபர், காலை 7.45

இது என் தவறு. முந்தாநாள் எழுதும்போது மீராவின் எண்களை மட்டும் மனதில் வைத்திருந்தேன். வர்க்கமூலம் தற்செயலைத்தான் அளக்கும். வெயில், பள்ளி விடுமுறை போன்றவை எல்லாரையும் ஒரே விகிதத்தில் குறைக்கும், தளம் எவ்வளவு பெரிதோ அவ்வளவு பேர் குறைவார்கள். சிறிய தளத்தில் தற்செயல் பெரிது, பெரிய தளத்தில் இந்த விகிதம் பெரிது. இரண்டில் அகலமானதை எடுத்துக்கொள்ள வேண்டும்:

```python
band = max(3 * k * exp ** 0.5, 0.20 * exp)
alert = now < exp - band
```

0.20 என்பது மீராவுக்கு என் ஊகம். உங்களுக்கு எவ்வளவு என்று உங்கள் பழைய கணக்குதான் சொல்ல வேண்டும். கோளாறு இல்லாத நாட்களில் கூட்ட நேரம் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பாருங்கள், அதற்குச் சற்று மேலே வையுங்கள்.

டர்பன் அண்ணன் | 31 அக்டோபர், காலை 11.00

அப்போ இரண்டு மணி நேரம் தொடர்ந்து குறைந்தால் மட்டும் அடிக்கட்டும் என்று வைத்தால் தீர்ந்ததே. ஆயிரத்தில் ஒன்று இரண்டு முறை நடப்பது பத்து லட்சத்தில் ஒன்று.

ரோஸ்ஹில்காரன் | 31 அக்டோபர், மதியம் 12.30

தொடர்ந்து இரண்டு என்பது நல்ல யோசனை, நானும் வைத்திருக்கிறேன். கணக்குதான் அப்படி வராது. 10 மணியைக் குறைத்த அதே காரணம் 11 மணியையும் குறைக்கும். உங்கள் ஊரில் மின்வெட்டு இருந்தபோது இரண்டு மணி நேரம் கரண்ட் போனால் இரண்டு மணிக் கணக்கும் சேர்ந்துதான் விழுந்திருக்கும், இல்லையா? தற்செயலால் வரும் பொய் அலாரத்தை அது கிட்டத்தட்ட இல்லாமல் செய்துவிடும். காரணத்தோடு வரும் பொய் அலாரத்தை ஒன்றும் செய்யாது. கூடவே ஒரு மணி நேரம் தாமதமாகத் தெரியும், அதையும் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

டர்பன் அண்ணன் | 31 அக்டோபர், மதியம் 1.10

மின்வெட்டு பற்றிச் சொன்னது சரி. 2023இல் ஏறக்குறைய தினமும் பேட்டைக்குப் பேட்டை நேரம் மாற்றி வெட்டினார்கள். எங்கள் கடைத் தளத்துக்கு வருகை குறையாத நாளே இல்லை, தளத்தில் ஒரு கோளாறும் கிடையாது. 2024 மார்ச் கடைசியில் வெட்டு நின்ற பிறகு எங்கள் பழைய வரம்பு எல்லாம் அர்த்தமில்லாமல் போனது. அதை நான் திருப்பிப் போடவே இல்லை என்று இப்போதுதான் உறைக்கிறது.

மீரா | 3 நவம்பர், காலை 10.20

புதிய சூத்திரம் போட்டபின் விடியற்காலை அமைதி. ஆனால் பழைய 30ஐயும் ஒரு பக்கம் ஓடவிட்டிருக்கிறேன், அது இன்றும் சரியாக 10 மணிக்கு அடித்தது. போன வாரம் முழுக்கவும் இதே 10 மணிதான். எதிர்பார்ப்பு 220, வந்தது 150. சூத்திரத்தின் வரம்பு 149. மயிரிழையில் தப்பியிருக்கிறது.

ரோஸ்ஹில்காரன் | 3 நவம்பர், காலை 10.35

மயிரிழையில் தப்பியதை விடாதீர்கள். பிரான்ஸ் வருகையை மட்டும் பிரித்து, காலை 8 முதல் 11 வரை, அக்டோபர் 20ஐயும் 27ஐயும் பக்கத்தில் வைத்துப் போடுங்கள். 20ஆம் தேதி நமக்குத் தீபாவளி விடுமுறை, அவர்களுக்கு இல்லை, அதனால் பிரான்ஸ் வரிசை மட்டும் நம்பலாம்.

மீரா | 3 நவம்பர், காலை 11.25

பிரான்ஸ் மட்டும், 8, 9, 10, 11 மணி:
20 அக்டோபர்: 25, 60, 130, 190
27 அக்டோபர்: 12, 25, 60, 130

ஐயோ. ஒரு கட்டம் தள்ளி உட்கார்ந்திருக்கிறது.

ரோஸ்ஹில்காரன் | 3 நவம்பர், மதியம் 12.00

அக்டோபர் 26 ஞாயிறு அதிகாலையில் பிரான்சில் கடிகாரத்தை ஒரு மணி பின்னால் திருப்பினார்கள். நம் கடிகாரம் அசையாது. அதுவரை நம் காலை 10 அவர்களுக்கு 8, வேலைக்குக் கிளம்பிக் கைப்பேசியைப் பார்க்கும் நேரம். இப்போது நம் 10 அவர்களுக்கு 7. ஆள் யாரும் குறையவில்லை, ஒரு மணி கழித்து வருகிறார்கள்.

ஆறு வார நடு எண்ணை வைத்திருக்கிறீர்கள், அதனால் புது நேரத்து வாரங்கள் பாதியாகும் வரை, அதாவது நவம்பர் நடுப்பகுதி வரை, இது தினமும் 10 மணிக்கு வரும். எந்த வரம்பை வைத்தாலும் இது தீராது. ஒப்பிடும் எண்ணே தப்பு. 60 வைத்திருந்தால் இது கண்ணில் பட்டிருக்கவே படாது, காலை முழுக்க எதிர்பார்ப்பு தவறாக இருந்திருக்கும்.

பிரான்ஸ் வரிசையை `Europe/Paris` நேரத்தில் மணிக்கணக்குப் போடுங்கள், மொரீஷியஸ் வரிசையை `Indian/Mauritius`. இரண்டுக்கும் தனித்தனி எதிர்பார்ப்பு, தனித்தனி வரம்பு. ரீயூனியன் கடிகாரமும் நம்முடையதே, அதை மொரீஷியஸோடு சேர்த்துக்கொள்ளலாம்.

ரோஸ்ஹில்காரன் | 3 நவம்பர், மதியம் 12.20

மேலே சொல்ல விட்டது: பிரித்த பிறகு k-யை மறுபடி கணக்கிடுங்கள், கடிகாரம் மாறிய வாரங்களையும் பாரிஸ் நேரத்திலேயே வைத்து. அந்தத் தள்ளல் எல்லாம் சிதறலாகக் கணக்கில் சேர்ந்து k-யை ஊத வைத்திருக்கும்.

மீரா | 5 நவம்பர், மாலை 6.10

1.6 இப்போது 1.3. 400க்கு மூன்று மடங்கு விலக்கம் 78 பேர்தான் வருகிறது, 20 சதவீதம் என்றால் 80. இரண்டும் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன.

செயின்ட் ஆந்த்ரே வாசி | 6 நவம்பர், இரவு 8.50

நடு எண் என்று சொன்னதற்கு என் பங்குக்கு ஒன்று. நாங்கள் முன்பு நான்கு வாரச் சராசரி வைத்திருந்தோம். 2024 ஜனவரி 15, திங்கள், பெலால் புயல் ரீயூனியனுக்கு வந்த நாள். ஊதா எச்சரிக்கை, யாரும் வெளியே போகக்கூடாது. எல்லாரும் எங்கள் தளத்தில்தான் உட்கார்ந்திருந்தார்கள், சில மணிகளில் வழக்கத்தைவிட ஐந்து மடங்கு. அடுத்த திங்கள் சராசரி என்ன ஆகும் என்று போட்டுப் பாருங்கள்: ஐந்தும் ஒன்றும் ஒன்றும் ஒன்றும், கூட்டி நான்கால் வகுத்தால் இரண்டு. வழக்கமாக வந்த கூட்டமே பாதியாகக் குறைந்தது போலத் தெரிந்தது. நான்கு திங்கட்கிழமை தொடர்ந்து அலாரம். புயலை விட அந்த நான்கு வாரம்தான் எங்களைக் களைப்பாக்கியது.

ரோஸ்ஹில்காரன் | 7 நவம்பர், காலை 8.00

இதைவிடத் தெளிவாக நான் சொல்லியிருக்க முடியாது. நடு எண் என்றால் அந்த ஐந்து ஓரத்தில் போய் நின்றுகொள்ளும். ஆனால் இரண்டு வாரம் தொடர்ந்து கெட்டால் ஆறு வார நடு எண்ணும் ஆட ஆரம்பிக்கும். புயல் நாளைக் குறித்து வைத்து எதிர்பார்ப்பிலிருந்து எடுத்துவிடுவது நல்லது.

மீரா | 11 நவம்பர், மதியம் 1.40

இன்று உண்மையாகவே இரண்டு மணி தொடர்ந்து அடித்தது. பிரான்ஸ் வரிசை 35 சதவீதம் கீழே. பாரிஸ் நேரம், k, எல்லாம் சரி பார்த்துவிட்டேன். வழங்கியின் பதிவிலும் அதே குறைவுதான், எண்ணும் கருவி கெடவில்லை.

டர்பன் அண்ணன் | 11 நவம்பர், மதியம் 2.05

இன்று பிரான்சில் விடுமுறை அம்மா. முதல் உலகப் போர் முடிந்த நாள். விடுமுறை நாட்களில் அலாரத்தை அணைத்துவிட வேண்டியதுதான்.

ரோஸ்ஹில்காரன் | 11 நவம்பர், மாலை 5.30

விடுமுறை சரி, அணைப்பது சரியில்லை. அன்றைக்கே தளம் உடைந்தால்? அலுவலகத்தில் ஆள் இல்லாத நாளில்தான் அலாரம் அதிகம் தேவை. செவ்வாயோடு ஒப்பிடாமல் ஞாயிற்றுக்கிழமைகளோடு ஒப்பிடச் சொல்லுங்கள். பிரான்சில் விடுமுறைக் காலைகள் ஞாயிறு போலத்தான் நடக்கும், உங்கள் பழைய கணக்கில் ஜூலை 14ஐ எடுத்து ஞாயிறுகளோடு வைத்துப் பாருங்கள்.

நாட்டுக்கு ஒரு விடுமுறைப் பட்டியல் வேண்டும். நம் பட்டியலை வருஷாவருஷம் கையால் போட வேண்டியிருக்கும். தைப்பூசக் காவடி 2024இல் ஜனவரி 25, 2025இல் பிப்ரவரி 11, வரும் 2026இல் பிப்ரவரி 1. மகா சிவராத்திரி, சீனப் புத்தாண்டு, ஈத், உகாதி, எதுவும் ஒரே தேதியில் நிற்காது. போன வருடத்து அதே தேதியோடு ஒப்பிடுகிறவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்வார்கள்.

மீரா | 12 நவம்பர், காலை 9.30

ஜூலை 14 ஞாயிறோடு 8 சதவீதத்துக்குள் வந்தது. போட்டுவிட்டேன்.

செயின்ட் ஆந்த்ரே வாசி | 19 டிசம்பர், இரவு 10.15

எங்களுக்கு வேறு தலைவலி. தேடுபொறியிலிருந்து வரும் வருகை வாரத்துக்கு 3 சதவீதமாகக் கரைந்துகொண்டே இருந்திருக்கிறது. பன்னிரண்டு வாரத்தில் 30 சதவீதம் போய்விட்டது. அலாரம் ஒருமுறைகூட அடிக்கவில்லை.

ரோஸ்ஹில்காரன் | 20 டிசம்பர், காலை 9.00

அடிக்காது. ஆறு வார எதிர்பார்ப்பும் கூடவே இறங்கிக்கொண்டிருக்கும். எந்த வாரத்திலும் இடைவெளி 10 சதவீதம் அளவுக்குத்தான் இருக்கும், வரம்போ 20. இது ஆளை எழுப்பும் அலாரத்தின் வேலையே அல்ல. வாரம் ஒருமுறை, இந்த வாரக் கூட்டலைப் பன்னிரண்டு வாரத்துக்கு முந்தையதோடு ஒப்பிட்டு மின்னஞ்சல் போனால் போதும், திங்கள் காலை யாராவது பார்ப்பார்கள்.

ஆனால் பன்னிரண்டு வாரத்தில் பருவமே மாறிவிடும், அதற்கு எனக்கு நல்ல விடை இல்லை. 364 நாள் பின்னால் போனால் கிழமை பொருந்தும், விழா பொருந்தாது. பிரான்சின் குளிர்கால, வசந்தகாலப் பள்ளி விடுமுறைகளும் மூன்று மண்டலமாகப் பிரிந்து ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு வாரத்தில் வரும். விழா வாரங்களை மட்டும் கையால் நகர்த்தி ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்.

செயின்ட் ஆந்த்ரே வாசி | 20 டிசம்பர், மதியம் 12.40

கையால் நகர்த்துவதை ஒப்புக்கொள்ள மாட்டேன். நகர்த்தும் ஆளின் மனதுக்குத் தகுந்தபடி வரைபடம் வளையும். தேடுபொறி வருகையை மொத்தத்திலிருந்து பிரித்து அது மொத்தத்தில் எத்தனை பங்கு என்று பார்ப்பதுதான் சரி. விழா வந்தால் எல்லா வழியும் சேர்ந்து குறையும், பங்கு அசையாது.

ரோஸ்ஹில்காரன் | 20 டிசம்பர், மாலை 3.10

நல்ல வழி. செய்திமடல் போன வாரத்தில் அந்தப் பங்கும் அசையுமே என்பதுதான் என் தயக்கம். நீங்கள் போட்டுப் பார்த்துச் சொல்லுங்கள்.

மீரா | 2 பிப்ரவரி 2026, காலை 10.00

நவம்பர் 12லிருந்து இன்றுவரை மூன்று அலாரம். ஒன்று உண்மை: ஜனவரியில் ஒரு வியாழன் மாலை, பிரான்ஸ் கைப்பேசி வருகை பாதியானது, தேதி தேர்ந்தெடுக்கும் கட்டம் திறக்கவில்லை. 40 நிமிடத்தில் பழைய பதிப்புக்குத் திரும்பினோம். இரண்டு பொய். இரண்டுமே நாங்கள் செய்திமடல் அனுப்பிய அடுத்த வாரங்களில். நேற்று காவடியும் அடிமைமுறை ஒழிப்பு நாளும் ஒரே ஞாயிறில் வந்தன, அலாரம் எதுவும் இல்லை. யாரும் குழுவை மௌனமாக்கவில்லை, இதை நான் ஒவ்வொருவரிடமும் கேட்டேன்.

ஒரு கேள்வி. மார்ச் 29 அதிகாலை பிரான்சில் கடிகாரம் முன்னால் போகும். பாரிஸ் நேரத்தில் 2 மணியிலிருந்து 3 மணி வரை அன்று கிடையாதே. அந்தக் கட்டத்தில் 0 விழுமா?

ரோஸ்ஹில்காரன் | 2 பிப்ரவரி, மதியம் 12.25

விழும், நீங்கள் எல்லா மணிக்கும் கட்டம் போட்டு நிரப்புகிறீர்கள் என்றால். ஒரு மணி மட்டும் என்பதால் இரண்டு மணி விதி பிடிக்காது. ஆனால் விடியற்காலை நான்கு மணிக் கூட்டலில் அது மூன்று மணியாகிவிடும், எதிர்பார்ப்போ நான்கு மணிக்குரியது. அந்தக் கட்டத்தை 0 என்று வைக்காமல் வெறுமையாக விட்டு, எதிர்பார்ப்பிலிருந்தும் எடுத்துவிடுங்கள். போன அக்டோபர் 26 அன்று 2 மணி இரண்டு முறை வந்திருக்கும், அந்தக் கட்டத்தில் இருமடங்கு எண் உட்கார்ந்திருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள்.

மீரா | 2 பிப்ரவரி, மதியம் 1.50

இருக்கிறது. 17. பக்கத்துக் கட்டங்களில் 8, 9.